வலப்பக்கத்தில் எத்தனை சிறியவை?

52, 18, 75, 18, 900000000, 31, −4, 60, 23.

இந்த ஒன்பது எண்களில் ஒவ்வொன்றையும் எடுத்துக்கொண்டு, அதற்கு வலப்பக்கம் நிற்பவற்றில் எத்தனை எண்கள் அதைவிடச் சிறியவை என்று கண்டுபிடிக்க வேண்டும். முதலில் நிற்கும் 52-க்கு வலப்பக்கம் 18, 18, 31, −4, 23 என்று ஐந்து சிறிய எண்கள் இருக்கின்றன. அதற்கு அடுத்த 18-க்கு −4 மட்டும்தான் சிறியது. இன்னொரு 18 வலப்பக்கம் இருந்தாலும் அது சமமானது, சிறியது அல்ல. இப்படியே கடைசிவரை போனால் விடை 5, 1, 5, 1, 4, 2, 0, 1, 0 என்று வரும். எல்லாவற்றையும் கூட்டினால் 19.

இந்த 19 என்ற எண்ணுக்கு நீண்ட வரலாறு உண்டு. பெரியது முன்னாலும் சிறியது பின்னாலும் நிற்கும் ஒவ்வொரு ஜோடியையும் கணிதத்தில் தலைகீழ் ஜோடி என்கிறார்கள். 19 என்பது இந்த வரிசையில் உள்ள அத்தகைய ஜோடிகளின் எண்ணிக்கை. 1750-இல் கேப்ரியல் கிராமர், சமன்பாடுகளைத் தீர்க்கும் தம் விதியில் எந்த உறுப்புக்குக் கூட்டல் குறி, எந்த உறுப்புக்குக் கழித்தல் குறி என்பதைத் தீர்மானிக்க இதே ஜோடிகளைத்தான் எண்ணினார். எண்ணிக்கை இரட்டைப்படையானால் கூட்டல், ஒற்றைப்படையானால் கழித்தல். 1938-இல் புள்ளியியலாளர் மாரிஸ் கெண்டல் இரண்டு தரவரிசைகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதை அளக்க ஓர் அளவையை முன்வைத்தார். அதன் அடித்தளமும் இந்த எண்ணிக்கையே. ஒரே போட்டிக்கு இரண்டு நடுவர்கள் தரவரிசை போட்டிருக்கிறார்கள் என்று கொள்வோம். முதல் நடுவரின் வரிசைப்படி போட்டியாளர்களை நிறுத்திவிட்டு இரண்டாம் நடுவர் தந்த எண்களைப் படித்தால், அதில் தலைகீழாக வரும் ஒவ்வொரு ஜோடியும் இருவரும் முரண்பட்ட ஓர் இடம்.

எண்ணும் வழி எளியதுதான். ஒவ்வோர் எண்ணுக்கும் வலப்பக்கம் உள்ள எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்துவிடலாம். ஒன்பது எண்களுக்கு 36 ஒப்பீடுகள் போதும். ஒரு லட்சம் எண்கள் என்றால் 4999950000 ஒப்பீடுகள், ஏறக்குறைய 500 கோடி. எண்களின் எண்ணிக்கை இரண்டு மடங்கானால் வேலை நான்கு மடங்காகும். இந்த 500 கோடியைச் சில பத்து லட்சங்களாகக் குறைக்க முடியும். அதற்கு உதவும் இரண்டு யோசனைகளில் ஒன்று எண்களின் அளவைத் தூக்கி எறிவது. மற்றொன்று எண்ணிக்கையைத் துண்டு துண்டாகச் சேமித்துவைப்பது.

முதலில் நடக்கும் திசையை மாற்றுவோம். இடமிருந்து வலமாகப் போனால் இனிமேல் வரப்போகும் எண்களைப் பற்றிக் கேள்வி கேட்கிறோம். வலமிருந்து இடமாகப் போனால் அதே கேள்வி, ஏற்கெனவே பார்த்த எண்களைப் பற்றிய கேள்வியாக மாறிவிடுகிறது. 23-இலிருந்து தொடங்கி, பார்த்த ஒவ்வோர் எண்ணையும் ஓர் ஏட்டில் குறித்துக்கொண்டே வருகிறோம். புதிதாக ஓர் எண் வந்ததும் ஏட்டைப் பார்த்து, ‘இதைவிடச் சிறியவை இதுவரை எத்தனை?’ என்று கேட்கிறோம். விடையை எழுதிக்கொண்டு அந்த எண்ணையும் ஏட்டில் சேர்க்கிறோம். கேட்பது, சேர்ப்பது என்ற இரண்டே செயல்கள். இந்த இரண்டையும் மலிவாக முடித்துத் தரும் ஏடு கிடைத்தால் கணக்கு முடிந்தது.

ஏட்டை எப்படி அமைப்பது? ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரு பெட்டி வைத்து, அந்த மதிப்பு வரும்போதெல்லாம் அதில் ஒன்று கூட்டுவது இயல்பாகத் தோன்றும் வழி. ஆனால் நம் பட்டியலில் −4 இருக்கிறது. கழித்தல் நான்காம் பெட்டி என்று ஒன்றும் கிடையாது. 900000000-உம் இருக்கிறது. மதிப்புகள் −100 கோடியிலிருந்து 100 கோடிவரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம் என்றால் 200 கோடிக்கு மேற்பட்ட பெட்டிகள் வேண்டும். பெட்டிக்கு நான்கு பைட் என்றாலும் 8 கிகாபைட் நினைவகம் போய்விடும். அதில் ஒன்பது பெட்டிகளுக்குக்கூட வேலை இருக்காது.

இங்கேதான் கேள்வியை இன்னொரு முறை கவனமாகப் படிக்க வேண்டும். ‘எத்தனை சிறியவை’ என்றுதான் கேட்கிறோம். ‘எவ்வளவு சிறியவை’ என்று எங்கும் கேட்கவில்லை. 900000000 என்பதை அழித்துவிட்டு 76 என்று எழுதினாலும் விடையில் ஓர் இலக்கம்கூட மாறாது. ஏனென்றால் அது அப்போதும் எல்லாவற்றையும்விடப் பெரியதுதான். ஆகவே ஒவ்வொரு மதிப்பையும் அதன் தர எண்ணால் மாற்றிவிடலாம். பட்டியலில் உள்ள வெவ்வேறு மதிப்புகளை மட்டும் ஏறுவரிசையில் அடுக்கினால் −4, 18, 23, 31, 52, 60, 75, 900000000 என்று எட்டு கிடைக்கும். 18 இரண்டு முறை வந்தாலும் இங்கே ஒரு முறைதான். இவற்றுக்கு 1 முதல் 8 வரை தர எண் கொடுத்தால், −4 என்பது 1, 18 என்பது 2, 23 என்பது 3, கடைசியில் 90 கோடி என்பது வெறும் 8. இந்த மாற்றத்தை நிரலர்கள் கோஆர்டினேட் கம்ப்ரஷன் என்பார்கள். தமிழில் ஆயச் சுருக்கம் என்று சொல்லலாம்.

நம் பட்டியல் இப்போது 5, 2, 7, 2, 8, 4, 1, 6, 3 என்று ஆகிவிட்டது. எந்த இரண்டு இடங்களை எடுத்துக்கொண்டாலும், முன்பு எது சிறியதாக இருந்ததோ அதுவே இப்போதும் சிறியது. முன்பு சமமாக இருந்தவை இப்போதும் சமம். விடைக்குத் தேவையான எதுவும் தொலையவில்லை. கழித்தல் குறிகளும் பெரும் எண்களும் மட்டும் மறைந்துவிட்டன. பின்ன எண்களானாலும் தேதிகளானாலும் பெயர்களின் அகரவரிசையானாலும் இதே மாற்றம் பொருந்தும். அடுக்க முடிகிற எதற்கும் தர எண் உண்டு.

இனி பெட்டிகள் எட்டே எட்டு. ஆனால் அவற்றில் எதை வைப்பது என்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒவ்வொரு பெட்டியிலும் அந்தத் தர எண் எத்தனை முறை வந்தது என்பதை மட்டும் வைத்தால், சேர்ப்பது ஒரே செயலில் முடியும். ஆனால் ‘7-க்குக் கீழ் எத்தனை’ என்று கேட்டால் ஆறு பெட்டிகளையும் கூட்ட வேண்டும். மாறாக, ஒவ்வொரு பெட்டியிலும் ‘இதுவரை உள்ள மொத்தம்’ என்று கூட்டுத்தொகையை வைத்தால், கேள்விக்கு ஒரே பெட்டியைப் பார்த்துப் பதில் சொல்லிவிடலாம். ஆனால் தர எண் 1 புதிதாக வந்தால் எட்டுப் பெட்டிகளையும் திருத்த வேண்டும். ஒரு பக்கம் சேமித்தது மறுபக்கம் செலவாகிவிடுகிறது. ஒரு லட்சம் பெட்டிகள் இருந்தால் இரண்டு வழிகளும் நம்மைக் கிட்டத்தட்ட பழைய 500 கோடிப் பக்கமே கொண்டுபோய் நிறுத்தும்.

மளிகைக் கடையில் வரவு எழுதுபவர் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பக்க மொத்தம் போட்டு வைப்பார். மாதக் கணக்கு கேட்டால் முழுப் பக்கங்களுக்கு அந்த மொத்தங்களை எடுத்துக்கொண்டு, கடைசி அரைப் பக்கத்தை மட்டும் வரிவரியாகக் கூட்டினால் போதும். நடுவில் ஒரு வரி திருத்தினாலும் அந்த ஒரு பக்க மொத்தம்தான் மாறும். நமக்குத் தேவையானதும் இதுதான். ஆனால் பக்கங்கள் ஒரே அளவாக இல்லாமல் 1, 2, 4, 8 என்று பல அளவுகளில் இருக்க வேண்டும். எந்தப் பெட்டி எந்த அளவு என்பதை எங்கும் எழுதிவைக்கவும் கூடாது.

இந்த அமைப்பை நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் ஃபென்விக் 1994-இல் ஓர் ஆய்வுக் கட்டுரையில் விவரித்தார். தலைகீழ் ஜோடிகளை எண்ணுவது அவருடைய நோக்கம் அல்ல. அவர் தரவுச் சுருக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்தார். கோப்பைப் படிக்கப் படிக்க எழுத்துகளின் நிகழ்வெண்ணைத் திருத்திக்கொண்டே போகும் ஒரு சுருக்கமுறையில், ஒவ்வோர் எழுத்து வரும்போதும் ‘இதற்கு முந்தைய எழுத்துகளின் மொத்த நிகழ்வெண் என்ன?’ என்று கேட்க வேண்டும். பிறகு இந்த எழுத்தின் கணக்கில் ஒன்று கூட்ட வேண்டும். நாம் கேட்கும் அதே இரண்டு செயல்கள். ரஷ்யாவில் போரிஸ் ரியாப்கோ இதே யோசனையை 1989-இலேயே, அதுவும் குறியீட்டு முறைகளுக்காகவே, வெளியிட்டிருந்தார். பெயர் ஃபென்விக்கோடு நின்றுவிட்டது. எனக்கு இது நியாயமாகப் படவில்லை. இருந்தாலும் எல்லோரும் புரிந்துகொள்ளும் பெயர் ஃபென்விக் மரம் என்பதால் அதையே இங்கும் பயன்படுத்துகிறேன்.

மரம் என்று பெயர் இருந்தாலும் கிளைகளோ சுட்டிகளோ கிடையாது. நினைவகத்தில் இருப்பது 1 முதல் 8 வரை எண்ணிட்ட சாதாரணப் பெட்டி வரிசை. மரம் ஒளிந்திருப்பது பெட்டியின் எண்ணை இருமத்தில் எழுதும்போது. 6 என்பது இருமத்தில் 110. அதில் வலக்கோடியில் உள்ள 1-இன் மதிப்பு 2. எனவே ஆறாம் பெட்டி, தன்னில் முடியும் இரண்டு தர எண்களின் கணக்கை வைத்திருக்கும். அவை 5-உம் 6-உம். 4 என்பது 100. வலக்கோடி 1-இன் மதிப்பு 4. எனவே நான்காம் பெட்டி 1 முதல் 4 வரை உள்ள எல்லாவற்றையும் காக்கும். 8 என்பது 1000. அது எட்டையும் காக்கும். ஒற்றைப்படை எண்களில் வலக்கோடி இலக்கமே 1 என்பதால் 1, 3, 5, 7 ஆகிய பெட்டிகள் தங்கள் தர எண்ணை மட்டும் காக்கும். பெட்டியின் எண்ணே அதன் அளவையும் சொல்லிவிடுகிறது.

இப்போது 7 வரை உள்ள மொத்தம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 7 என்பது 111. ஏழாம் பெட்டியை எடுத்துக்கொள்கிறோம். வலக்கோடி 1-ஐ அழித்தால் 110, அதாவது 6. ஆறாம் பெட்டி 5, 6 இரண்டையும் தருகிறது. மறுபடி வலக்கோடி 1-ஐ அழித்தால் 100, அதாவது 4. நான்காம் பெட்டி 1 முதல் 4 வரை தருகிறது. இன்னொரு முறை அழித்தால் பூஜ்யம், வேலை முடிந்தது. மூன்று பெட்டிகளில் ஏழு தர எண்களும் ஒன்றும் விடாமல், ஒன்றும் இரட்டிக்காமல் அடங்கிவிட்டன. எண்ணின் இரும வடிவில் எத்தனை 1 இருக்கிறதோ அத்தனை பெட்டிகளைத்தான் பார்க்க வேண்டும்.

சேர்ப்பது இதற்கு எதிர்த்திசைப் பயணம். தர எண் 5 வந்தால், 5-ஐத் தன் கணக்கில் வைத்திருக்கும் எல்லாப் பெட்டிகளிலும் ஒன்று கூட்ட வேண்டும். 101-இல் வலக்கோடி 1-இன் மதிப்பான 1-ஐக் கூட்டினால் 110, அதாவது 6. 6-உடன் அதன் வலக்கோடி மதிப்பான 2-ஐக் கூட்டினால் 8. எட்டைத் தாண்டிப் பெட்டி இல்லை. ஆகவே 5, 6, 8 ஆகிய மூன்றில் ஒன்று கூட்டினால் போதும். ஏழாம் பெட்டி 7-ஐ மட்டும் காக்கிறது என்பதால் அதைத் தொட வேண்டியதில்லை. நான்காம் பெட்டி 5-ஐ எட்டாது. இந்த மூன்றைத் தவிர வேறு எந்தப் பெட்டியும் 5-ஐ அறியாது என்பதை நீங்களே ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

நம் பட்டியலை இந்தப் பெட்டிகளில் ஓட்டிப் பார்ப்போம். எட்டும் பூஜ்யத்தில் தொடங்குகின்றன. வலக்கோடியில் தர எண் 3. அதைவிடச் சிறியவை என்றால் 2 வரை உள்ள மொத்தம். இரண்டாம் பெட்டி காலி, விடை 0. 3-ஐச் சேர்க்க 3, 4, 8 ஆகிய பெட்டிகளில் ஒன்று கூடுகிறது. அடுத்தது 6. 5 வரை கேட்கிறோம். ஐந்தாம் பெட்டியில் 0, நான்காம் பெட்டியில் 1, ஆக விடை 1. 6-ஐச் சேர்த்ததும் ஆறாம் பெட்டி 1 ஆகிறது, எட்டாம் பெட்டி 2 ஆகிறது. அடுத்தது தர எண் 1. அதற்குக் கீழ் எதுவும் இல்லை என்பதால் பூஜ்யம்வரை கேட்கிறோம், எந்தப் பெட்டியையும் பார்க்காமலே விடை 0. அதைச் சேர்க்கும்போது 1, 2, 4, 8 என்று நான்கு பெட்டிகள் மாறுகின்றன. இப்போது நான்காம் பெட்டியில் 2, எட்டாம் பெட்டியில் 3.

அடுத்து வரும் 4, மூன்றுவரை கேட்கிறது. மூன்றாம் பெட்டியில் 1, இரண்டாம் பெட்டியில் 1, விடை 2. அது சேர்ந்ததும் நான்காம் பெட்டி 3 ஆகிறது. பிறகு தர எண் 8, அதாவது அந்த 90 கோடி. அது 7 வரை கேட்கிறது. ஏழாம் பெட்டியில் 0, ஆறாம் பெட்டியில் 1, நான்காம் பெட்டியில் 3, ஆக 4. அது சேரும்போது எட்டாம் பெட்டி மட்டும் மாறி 5 ஆகிறது. இதுவரை பார்த்த எண்களும் ஐந்துதான். எட்டாம் பெட்டி எல்லாவற்றையும் காப்பதால் அது எப்போதும் பார்த்த எண்களின் எண்ணிக்கையாகவே இருக்கும். கையால் போட்டுப் பார்க்கும்போது ஒவ்வோர் அடியிலும் சரிபார்க்க இது வசதியானது.

இனி இரண்டாம் 18, தர எண் 2. ஒன்றுவரை கேட்கிறது, முதல் பெட்டியில் 1, விடை 1. சேர்ந்ததும் இரண்டாம் பெட்டி 2 ஆகிறது, நான்காம் பெட்டி 4 ஆகிறது. அடுத்து 75, தர எண் 7. 6 வரை கேட்கிறது. ஆறாம் பெட்டியில் 1, நான்காம் பெட்டியில் 4, விடை 5. பிறகு முதலாம் 18. இதுவும் ஒன்றுவரை கேட்கிறது, விடை 1. சேர்ந்ததும் நான்காம் பெட்டி 5. கடைசியாக 52, தர எண் 5. நான்குவரை கேட்கிறது, நான்காம் பெட்டி ஒன்றே போதும், விடை 5. வலமிருந்து எழுதிய விடைகளை இடமிருந்து படித்தால் 5, 1, 5, 1, 4, 2, 0, 1, 0. கண்ணால் எண்ணிய அதே விடை.

இதை நிரலாக எழுத அதிக வரிகள் தேவையில்லை.

```python
def smaller_to_right(a):
    rank = {v: i for i, v in enumerate(sorted(set(a)), 1)}
    m = len(rank)
    tree = [0] * (m + 1)
    ans = [0] * len(a)
    for k in range(len(a) - 1, -1, -1):
        r = rank[a[k]]
        i = r - 1
        while i > 0:
            ans[k] += tree[i]
            i -= i & -i
        i = r
        while i <= m:
            tree[i] += 1
            i += i & -i
    return ans
```

இதில் விளக்கம் தேவைப்படும் ஒரே துணுக்கு `i & -i`. வலக்கோடி 1-இன் மதிப்பை அதுதான் எடுத்துத் தருகிறது. கணினி ஒரு முழு எண்ணின் எதிர்மறையை, எல்லா இலக்கங்களையும் புரட்டிப் போட்டு ஒன்று கூட்டி எழுதுகிறது. 6 என்பதை எட்டு இலக்கங்களில் எழுதினால் 00000110. புரட்டினால் 11111001. ஒன்று கூட்டினால் 11111010, இது −6. இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து இரண்டிலும் 1 உள்ள இடத்தை மட்டும் எடுத்தால் 00000010, அதாவது 2. வலக்கோடி 1-க்கு இடப்பக்கம் உள்ளவை எல்லாம் புரண்டுவிடுவதால் பொருந்தாமல் உதிர்ந்துபோகின்றன. அந்த 1 மட்டும், ஒன்று கூட்டியதால் வந்த மீதியை வாங்கிக்கொண்டு பழைய இடத்திலேயே நிற்கிறது.

ஒரு லட்சம் வெவ்வேறு எண்கள் இருந்தால் தர எண்ணுக்கு 17 இரும இலக்கங்கள் போதும். கேட்பதற்கு 17 அடிகளுக்கு மேல் ஆகாது. சேர்ப்பதற்கும் அப்படியே. மிக மோசமாகப் பார்த்தாலும் ஒரு லட்சத்துக்கு 34 லட்சம் அடிகள். தர எண் கொடுப்பதற்கு முன்னால் ஒருமுறை ஏறுவரிசையில் அடுக்கும் செலவும் இதே அளவில்தான் இருக்கும். 500 கோடி எங்கே, இது எங்கே!

இவ்வளவு சிறிய நிரலில் தவறு நுழையும் இடங்கள் சிலவே. ஆனால் அவற்றில் ஒன்று மிகவும் ஏமாற்றும். `i = r - 1` என்பதற்குப் பதிலாக `i = r` என்று எழுதிவிட்டால் சமமான எண்களும் சிறியவற்றோடு சேர்ந்து எண்ணப்படும். நம் பட்டியலில் முதலாம் 18-க்கு 1 என்பதற்குப் பதில் 2 வரும், மொத்தம் 20 ஆகும். பிழை கண்ணில் படுகிறதே என்று தோன்றலாம். ஆனால் பட்டியலில் ஓர் எண்ணும் இரண்டு முறை வராவிட்டால் இரண்டு நிரல்களும் ஒரே விடையைத்தான் தரும். ஏனென்றால் ஓர் எண்ணைச் சேர்க்கும் முன்பே கேட்டுவிடுகிறோம், அந்தத் தர எண்ணின் கணக்கு அப்போது பூஜ்யம். 1 முதல் ஒரு லட்சம்வரை கலைத்துப் போட்ட பட்டியலில் ஆயிரம் முறை சோதித்தாலும் இந்தப் பிழை வெளிவராது. சோதிக்கும்போது ஆறேழு எண்கள் கொண்ட சிறிய பட்டியல்களை, 1 முதல் 3 வரை உள்ள மதிப்புகளில் இருந்து மட்டும் உருவாக்கி, நேரடியாக ஒப்பிட்டு எண்ணும் பழைய வழியோடு பொருத்திப் பார்க்க வேண்டும். மதிப்புகள் குறைவாக இருந்தால் சமங்கள் தானாகவே நிறைய வரும்.

கெண்டலின் அளவையில் இந்தப் பிழை என்ன செய்யும் என்றும் பார்க்கலாம். நம் பட்டியலில் 36 ஜோடிகள். தலைகீழ் 19, சமம் 1, மீதி 16 ஜோடிகள் நேர்வரிசையில் உள்ளன. நேர்வரிசை ஜோடிகளிலிருந்து தலைகீழ் ஜோடிகளைக் கழித்தால் −3. 36-ஆல் வகுத்தால் ஏறக்குறைய −0.083. பிழையான நிரல் சமமான ஜோடியையும் முரண்பாட்டில் சேர்த்துவிடுவதால் −4 என்று வரும். நடுவர்கள் பலருக்கு ஒரே மதிப்பெண் கொடுத்திருக்கும் உண்மையான தரவில் சமங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும். அங்கே இந்தப் பிழை, இல்லாத முரண்பாட்டை இருப்பதாகவே காட்டிவிடும்.

இரண்டாவது தவறு தர எண்ணைப் பூஜ்யத்திலிருந்து தொடங்குவது. பல நிரல்மொழிகளில் எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்துதான் தொடங்குகிறது என்பதால் இது கைப்பழக்கத்தில் வந்துவிடும். பூஜ்யத்தில் வலக்கோடி 1 என்று ஒன்றே இல்லை. `0 & -0` பூஜ்யம்தான். சேர்க்கும் சுழலில் `i` பூஜ்யத்தோடு பூஜ்யத்தைக் கூட்டிக்கொண்டே அதே இடத்தில் நிற்கும். பிழைச் செய்தி எதுவும் வராது. நிரல் ஓடிக்கொண்டே இருக்கும், ஒருபோதும் முடியாது. ஃபென்விக் மரம் எழுதிய நிரல் சிறிய பட்டியலிலேயே முடியாமல் தொங்கினால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

மூன்றாவது, ஜாவா, சி++ போன்ற மொழிகளில் மட்டும் வருவது. ஒவ்வோர் இடத்துக்கான விடையும் 32 பிட் முழு எண்ணில் வசதியாக அடங்கும். எல்லாவற்றையும் கூட்டும்போதுதான் சிக்கல். முழுக்க இறங்குவரிசையில் உள்ள பட்டியலில் ஒவ்வொரு ஜோடியும் தலைகீழ். 65536 எண்கள் வரை மொத்தம் 2147483647 என்ற எல்லைக்குள் நிற்கும். இன்னும் ஓர் எண் சேர்ந்தால் தாண்டிவிடும். ஒரு லட்சம் எண்களுக்கு வர வேண்டிய 4999950000-க்குப் பதில் திரையில் 704982704 என்று வரும். கழித்தல் குறியோடு வந்தாலாவது சந்தேகம் எழும். இது சாதாரணமான, நம்பத்தக்க எண்ணாகத் தெரிவதால்தான் ஆபத்து. மொத்தத்தை 64 பிட் மாறியில் வைத்தால் தீர்ந்துவிடும்.

ஃபென்விக் மரம் இல்லாமலும் இந்தக் கணக்கைப் போடலாம். 1966-இலேயே வில்லியம் நைட், கெண்டலின் அளவையைக் கணினியில் கணக்கிட, பட்டியலை இரண்டிரண்டாக இணைத்து அடுக்கும் முறையையே பயன்படுத்தினார். இரண்டு துண்டுகளை இணைக்கும்போது வலப்பக்கத் துண்டிலிருந்து ஓர் எண் முந்திக்கொண்டால், இடப்பக்கத்தில் காத்திருக்கும் எண்கள் எல்லாவற்றோடும் அது தலைகீழ் ஜோடி. அந்த வழிக்குத் தர எண்ணே வேண்டாம். மொத்தம் மட்டும் போதும் என்றால் நான் அதையே தேர்ந்தெடுப்பேன். ஆனால் ஏட்டிலிருந்து ஓர் எண்ணை நடுவில் நீக்க வேண்டியிருந்தால் நிலைமை வேறு. வலப்பக்கம் உள்ள எல்லாவற்றையும் எண்ணாமல் அடுத்த ஆயிரம் இடங்களுக்குள் உள்ளவற்றை மட்டும் எண்ணச் சொன்னால், ஆயிரத்தைத் தாண்டிய எண்ணை ஏட்டிலிருந்து எடுக்க வேண்டும். ஃபென்விக் மரத்தில் அதற்கு ஒன்று கூட்டிய அதே பெட்டிகளில் ஒன்று கழித்தால் போதும்.

இந்த வழிக்கு இரண்டு எல்லைகள் உண்டு, இரண்டும் ஆயச் சுருக்கத்திலிருந்து வருபவை. தர எண் கொடுக்க எல்லா மதிப்புகளும் முன்பே கையில் இருக்க வேண்டும். எண்கள் ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருந்து, அடுத்தது என்னவென்று தெரியாத நிலையில், 18-க்கும் 23-க்கும் நடுவில் திடீரென 20 வந்தால் அதற்குப் பெட்டி கிடையாது. மேலே உள்ள எல்லாத் தர எண்களையும் ஒன்று தள்ள வேண்டியிருக்கும்.

மற்றொன்று, கேள்வி மாறும்போது வருவது. ‘வலப்பக்கம் எத்தனை எண்கள் இதில் பாதியைவிடச் சிறியவை?’ என்று கேட்டால், அளவைத் தூக்கி எறிந்த நமக்குத் தர எண்ணை மட்டும் வைத்துப் பதில் சொல்ல முடியாது. 52-இன் தர எண் 5 என்பதால் அதன் பாதியின் தர எண் இரண்டரை ஆகிவிடாது. அப்போது ஏறுவரிசைப் பட்டியலைத் தூக்கி எறியாமல் பக்கத்தில் வைத்துக்கொண்டு, 52-இன் பாதியான 26 அதில் எங்கே விழும் என்று இருகூறாகத் தேட வேண்டும். −4, 18, 23 ஆகிய மூன்றும் 26-க்குக் கீழே, 31 மேலே. ஆகவே கேட்க வேண்டியது மூன்றுவரை உள்ள மொத்தம். 52 வரும் நேரத்தில் மூன்றாம் பெட்டியில் 1, இரண்டாம் பெட்டியில் 3, விடை 4. கேட்கும் இடம் மட்டும்தான் மாறியது. பெட்டிகளும் சேர்க்கும் முறையும் அப்படியே இருக்கின்றன.